இளகிய களிமண்ணுக்கு மேல் ஃபுட்டிங்: மணல் மெத்தையா, ஜல்லி நிரப்பா, லீன் கான்கிரீட்டா?

ஃபுட்டிங் குழி தோண்டியதும் அடியில் களிமண் இளகிக் கிடந்தால், "ஓர் அடி மணல் போட்டு மேலே கட்டிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். அந்த ஓர் அடி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. மணலின் தடிமனையும் அகலத்தையும் கணக்கு போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கணக்கும் சிரமமானது இல்லை.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 1.5 மீட்டர் சதுர ஃபுட்டிங், அதன் மேல் 34 டன் சுமை. ஃபுட்டிங்கின் அடி 1 மீட்டர் ஆழத்தில். அதற்குக் கீழே 1.5 மீட்டர் தடிமனுக்கு இளகிய களிமண், விரலால் லேசாக அழுத்தினாலே உருமாறும் மண். அதற்கும் கீழே கெட்டியான மண். இந்தக் களிமண் சதுர மீட்டருக்குப் பத்திரமாகத் தாங்குவது சுமார் 5 டன், ஃபுட்டிங் அழுத்துவதோ 15 டன்.

மணலுக்குள் இறங்க இறங்கச் சுமை பரவுகிறது. இரண்டு பங்கு ஆழத்துக்கு ஒரு பங்கு பக்கவாட்டில் பரவும் என்று எடுத்துக்கொண்டால் (எளிய மதிப்பீடுதான், ஆனால் இந்த அளவு வேலைக்குப் போதும்) சூத்திரம் இவ்வளவுதான்:

```
q = P / (B + z)²
```

q மணலின் அடியில் களிமண்ணுக்குப் போகும் அழுத்தம், சதுர மீட்டருக்கு டன் கணக்கில். P சுமை, B ஃபுட்டிங் அகலம், z மணலின் தடிமன். ஓர் அடி, அதாவது 0.3 மீட்டர் மணலுக்கு q 10.5 டன் வருகிறது. களிமண் தாங்குவதைப் போல இரண்டு மடங்கு! 0.6 மீட்டருக்கு 7.7, 0.9 மீட்டருக்கு 5.9, 1.2 மீட்டருக்கு 4.7. மணல் களிமண்ணைவிட எடை கூடியது என்பதால் இன்னொரு 0.3 டன்னும் சேர்த்தால் 5. ஆக 1.2 மீட்டர் வேண்டும், அதுவும் விளிம்பில்தான் நிற்கிறது.

இங்கே ஒரு கேள்வி தானாக வரும். இருப்பதே 1.5 மீட்டர் களிமண், அதில் 1.2 மீட்டரை எடுத்துவிட்டு 0.3 மீட்டரை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்? விட வேண்டாம், முழுவதையும் எடுத்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அமுங்குதலைப் பார்த்தாலும் அதுதான் சரி. அமுங்குதன்மைக்கு வழக்கமான ஒரு மதிப்பை வைத்துப் பார்த்தால், ஒன்றும் செய்யாமல் விட்ட களிமண் 50 மில்லிமீட்டர் அளவுக்கு அமுங்கும், 0.6 மீட்டர் மணல் போட்டால் மீதிக் களிமண் 24 மில்லிமீட்டர், 1.2 மீட்டர் போட்டால் 6. பாதியில் நிறுத்தும் மெத்தைக்கு அர்த்தம் இருப்பது அடுக்கு மூன்று, நான்கு மீட்டர் என்று ஆழமாகப் போகும்போது. அல்லது நிலத்தடி நீர் குறுக்கே வந்து மேலும் தோண்ட விடாதபோது.

சரி, முழுவதையும் எடுப்பது என்று ஆனபிறகு எதால் நிரப்புவது என்பதில்தான் உண்மையான போட்டி. அதைத் தீர்மானிப்பது அகலம்.

மணலோ ஜல்லியோ தானாக நிற்காது, பக்கத்து மண் பிடித்துக்கொண்டால்தான் நிற்கும். பக்கத்தில் இருப்பதும் அதே இளகிய களிமண். ஃபுட்டிங்கின் அகலத்துக்கே குழி வெட்டி மணல் நிரப்பினால், சுமை ஏறும்போது மணல் பக்கவாட்டில் பிதுங்கும், ஃபுட்டிங் இறங்கும். மேலே போட்ட சூத்திரமும் அப்போது செல்லாது, ஏனென்றால் சுமை பரவுவதற்கு மணலே அங்கே இல்லை. அதனால் நிரப்பின் அடி அகலம் குறைந்தது B + z இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் அது 1.5 + 1.5, அதாவது 3 மீட்டர். ஃபுட்டிங்கின் ஒவ்வொரு பக்கமும் 0.75 மீட்டர் கூடுதல். பக்கத்து மண் மிகவும் தளர்வாக இருந்தால் நான் இன்னும் அகலம் கேட்பேன்.

இப்போது கொள்ளளவைப் பாருங்கள். பக்கங்களைச் செங்குத்தாக வெட்டினாலே 3 × 3 × 1.5, அதாவது 13.5 கன மீட்டர் மணல், சரிவு கொடுத்தால் இன்னும் அதிகம். சிமெண்ட் குறைவாகச் சேர்த்த லீன் கான்கிரீட்டுக்குப் பக்கத்து மண்ணின் பிடிமானம் தேவையில்லை, அதனால் ஃபுட்டிங் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட வைத்தால் போதும். 1.7 மீட்டர் சதுரத்துக்கு 4.3 கன மீட்டர்தான். மணல் மலிவு என்ற எண்ணம் மூன்று மடங்கு கொள்ளளவில் கரைந்துபோகலாம், தோண்டிய மண்ணை வெளியே கொண்டுபோகும் செலவும் அதே மடங்கில் ஏறும். இன்னொன்று, இந்தக் குழி தரையிலிருந்து 2.5 மீட்டர் ஆழம். மணலை இறுக்க ஆட்கள் உள்ளே இறங்கி ஒவ்வோர் அடுக்காக வேலை செய்ய வேண்டும், பக்கங்களுக்குச் சரிவோ முட்டோ இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது. லீன் கான்கிரீட்டைத் தோண்டிய அன்றே மேலிருந்து ஊற்றிவிடலாம். அதனால் மெல்லிய அடுக்கு, தனித்தனி ஃபுட்டிங் என்றால் என் ஓட்டு லீன் கான்கிரீட்டுக்கே.

ஆனால் ஒரு நிபந்தனை. கான்கிரீட் சுமையைப் பரப்பாது, அப்படியே கீழே கடத்தும். 1.7 மீட்டர் சதுரத்தின் அடியில் கெட்டி மண்ணுக்குச் சுமார் 12 டன் அழுத்தம், கான்கிரீட்டின் கூடுதல் எடை தனி. மணல் வழியாகப் போனால் அதே மண்ணுக்கு 4 டன்தான் போகும். கீழே இருப்பது சுமாரான மண் என்றால் இங்கே மணலோ ஜல்லியோதான் ஜெயிக்கும். ஃபுட்டிங்குகள் நெருக்கமாக இருந்து குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டாலும் அப்படித்தான். மொத்தமாகத் தோண்டி மொத்தமாக நிரப்பும்போது அகலக் கணக்கின் நஷ்டம் மறைந்துவிடுகிறது.

ஃபுட்டிங்கையே பெரிதாக்குவதும் ஒரு வழி. 2.7 மீட்டர் சதுரம் ஆக்கினால் அழுத்தம் 4.7 டன்னுக்கு வரும், 1.2 மீட்டர் மணலின் அடியில் கிடைத்த அதே எண். ஆனால் களிமண் முழுதும் அப்படியே இருப்பதால் 20 மில்லிமீட்டருக்கு மேல் அமுங்கும், கம்பியும் கூடும். தண்ணீர் மேலேயே நிற்கும் இடத்தில் மட்டும் யோசிக்கலாம்.

அப்புறம், மணலா ஜல்லியா. மணல் என்றால் நடுத்தரத்திலிருந்து பருமன் வரை கலந்த, தூள் இல்லாத மணல். லேசான ஈரத்தில் மணல் உப்பிக்கொண்டு இறுகாது, ஒன்று நன்றாக நனைத்து இறுக்குங்கள், இல்லையென்றால் உலர்ந்ததாகவே இறுக்குங்கள். பிளேட் காம்பாக்டருக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்குதான். ஒரே மூச்சில் கொட்டி மேலே மட்டும் தண்ணீர் விட்டு மிதித்த மணல், கட்டடம் ஏறியபின் தன் பங்குக்கு இறங்கும். பல அளவுகள் கலந்த கிராவல் இறுகிய பின் மணலைவிட விறைப்பானது, இறுக்குவதும் எளிது. ஒரே அளவு 40 மில்லிமீட்டர் ஜல்லியை மட்டும் களிமண் மேல் நேரடியாகப் போடாதீர்கள், களிமண் இடுக்குகளுக்குள் ஏறி ஜல்லி மெல்ல மெல்லப் புதையும். இடையில் ஜியோடெக்ஸ்டைல் துணி அல்லது ஒரு மணல் அடுக்கு வேண்டும்.

களிமண்ணைப் பாதி விட்டு நிறுத்தும் இடத்தில் கடைசி 20 சென்டிமீட்டரைப் பல் இல்லாத பக்கெட்டாலோ கையாலோ எடுங்கள், கலங்கிய களிமண் இருந்த பலத்தையும் இழக்கும். முதல் அடுக்கை 25, 30 சென்டிமீட்டர் கனமாகப் போட்டு அதிர்வு இல்லாமல் அழுத்துங்கள். காம்பாக்டர் ஓடும்போது தரை அலைபோல எழுந்து அமர்ந்தால் அடியில் களிமண் கலங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தைத் திரும்பத் தோண்டித்தான் ஆக வேண்டும், மேலே இன்னும் மணல் கொட்டி மறைக்க முடியாது.

தண்ணீர் ஊறினால் உப்பும் களிமண் என்றால் மணல் மெத்தையே வேண்டாம். களிமண்ணுக்குள் வெட்டிய மணல் குழி மழைநீரைத் தொட்டிபோலத் தேக்கி, சுற்றியுள்ள மண்ணுக்கு மாதக்கணக்கில் ஊட்டிக்கொண்டே இருக்கும்.