போட்டோவில் இருந்த ரயில் நேரத்தை நம்பி ₹9,980 போச்சு. தென்காசி லைன்ல இருக்கிறவங்க தயவுசெய்து படிங்க

நான்கு நாளாகத் தூக்கம் இல்லை. எழுதிவிட்டாலாவது மனசு அடங்குமா என்று பார்க்கிறேன்.

எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி. தாய்மாமா மகளுக்குச் சென்னையில் கல்யாணம், காலை ஏழரைக்கு முகூர்த்தம். அம்மா, நான், மனைவி, மகன் என நாலு பேர். பக்கத்து ஊர் பஜாரில் ரயில், பஸ் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை ஒன்று இருக்கிறது. கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் இருந்து சென்னை போகும் இரவு வண்டிக்கு, மூன்றடுக்கு ஏசியில் நாலு டிக்கெட் அங்கேதான் போட்டேன். டிக்கெட்டுக்கு 4,380, கடைக்காரருக்கு ஆளுக்கு நூறு வீதம் 400, ஆக 4,780.

அத்தோடு வந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. ஜங்ஷனுக்குப் பஸ்ஸில் போவதா ரயிலில் போவதா என்று நான்தான் கேட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, பஸ் படி ஏறுவது கஷ்டம். அவர் உடனே போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். அம்பாசமுத்திரம் ஸ்டேஷன் நேரப் பலகையின் போட்டோ. வண்டி எண், பெயர், வருகை, புறப்பாடு என்று கட்டம் கட்டமாக இருந்தது. செங்கோட்டையில் இருந்து வரும் மாலை பாசஞ்சரை விரல் வைத்துக் காட்டி, "அண்ணாச்சி, அம்பையில இந்த நேரம். ஆத்தத் தாண்டுனா உங்க ஊருதான, அஞ்சு நிமிஷம் கூட்டிக்கிடுங்க. ஜங்ஷன்ல எறங்குனா ஒன்னே கால் மணி நேரம் கையில இருக்கும், அம்மாவுக்கு நிதானமா டிபன் வாங்கிக் கொடுக்கலாம்" என்றார்.

அந்த அஞ்சு நிமிஷக் கணக்குதான் என்னை விழ வைத்தது. அம்பை ஸ்டேஷனுக்கு அடுத்தது எங்கள் ஸ்டேஷன் என்பது வரைக்கும் தெரிந்து, கூட்டிக் கழித்துச் சொல்லுகிற ஆள் தப்பாகச் சொல்ல மாட்டார் என்று நினைத்துவிட்டேன். அந்த நேரத்தைக் கடை கார்டின் பின்பக்கம் அவரே எழுதியும் கொடுத்தார். கேட்டதும் படத்தை வாட்ஸப்பிலும் அனுப்பினார்.

பயண நாள் அன்று பொது டிக்கெட்டை மகன் போனிலேயே எடுத்துவிட்டான். கார்டில் எழுதியிருந்த நேரத்துக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே ஸ்டேஷனில் இருந்தோம். பிளாட்பாரத்தில் ஆள் அதிகம் இல்லை. நேரம் ஆனது, வண்டி வரவில்லை. நம்ம லைன் ஒற்றைப் பாதை, எதிர் வண்டிக்காக எங்காவது நிறுத்திப் போட்டிருப்பான் என்று அம்மாவுக்கு நானே சமாதானம் சொன்னேன். பத்து நிமிஷம், இருபது நிமிஷம், இருபத்தஞ்சு நிமிஷம் ஆனது. அப்புறம்தான் எழுந்து போய் உள்ளே இருந்த ஊழியரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "அது போயாச்சே சார்" என்றார். நாங்கள் ஸ்டேஷனுக்குள் நுழைவதற்குக் கால் மணி நேரம் முன்னாலேயே போய்விட்டது. படத்தில் இருந்த நேரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் முப்பத்தஞ்சு நிமிஷம் வித்தியாசம்.

யோசித்துப் பாருங்கள். வந்து இறங்கியவுடன் தெரிந்திருந்தால் பஸ் பிடித்துப் போயிருப்போம். போய்விட்ட வண்டிக்காக முக்கால் மணி நேரம் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தோம். அதுக்கப்புறம் ஆட்டோ பிடித்து, பஸ் ஏறி, அம்மாவைக் கிட்டத்தட்டத் தூக்கித்தான் ஏற்றினோம். சேரன்மகாதேவி தாண்டும் வரைக்கும் நம்பிக்கை இருந்தது. நகருக்குள் நெரிசலில் மாட்டினோம். பிளாட்பாரத்துக்குப் போனபோது வண்டி கிளம்பி ஆறு நிமிஷம் ஆகியிருந்தது.

ராத்திரியில் நாலு பேருக்கு ஆம்னி பஸ்ஸில் ஆளுக்கு 1,300. அது 5,200. முன்னால் கொடுத்த 4,780-ஐயும் சேர்த்தால் 9,980. சென்னை போய் இறங்கும்போது ஒன்பதரை. தாலி கட்டி முடித்துப் பந்தியும் இரண்டாவது நடந்துகொண்டிருந்தது. அம்மா எதுவும் பேசவில்லை. தம்பி மகள் கல்யாணத்தில் முன்னால் நிற்க வேண்டியவள், சாப்பாட்டு நேரத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்தாள். 9,980-ஐ விட எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஊர் திரும்பியதும் நேராகக் கடைக்குப் போனேன். "ரயில்வேக்காரன் நேரத்த மாத்துனா நான் என்ன செய்ய அண்ணாச்சி? போர்டுல போட்டிருந்ததத்தான காட்டுனேன்." சரி, உங்கள் கையெழுத்தில் இருக்கிறதே என்று கார்டை நீட்டினேன். "அது சும்மா ஒரு ஐடியாவுக்கு எழுதினதுலா." மறுநாள் போனபோது கடைப் பையன் மட்டும் இருந்தான். "முதலாளி வெளியூர் போயிருக்காவ, வாட்ஸப்புல போடுங்க, பாப்பாவ." போட்டேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மூன்றாவது தடவை போனில் பிடித்தேன். "டிடிஆர் போட்டிருக்கேன், ரெண்டு மாசத்துல பணம் வந்துரும்" என்றார். எதுவும் வராது. இரவு வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறது. நம்ம பக்கத்தில் தாமதமாகி வண்டியை விட்டால், கிளம்பிய வண்டியின் உறுதியான டிக்கெட்டுக்கு ரயில்வே பணம் தருவதில்லை. இது அவருக்கும் தெரியும். என்னை இரண்டு மாசம் வாயை மூடி வைக்கச் சொன்ன பேச்சு அது.

ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆன சொந்தக்காரர் ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். ஒரு நிமிஷம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது பழைய படம்டே, ரெண்டு எடத்துல அதுவே சொல்லுது" என்றார்.

ஒன்று, பாலருவி எக்ஸ்பிரஸ். படத்தில் 'பாலக்காடு – திருநெல்வேலி' என்று இருந்தது. அந்த வண்டியைத் தூத்துக்குடி வரைக்கும் நீட்டியது 2024 ஆகஸ்டில். ஆக, பலகையில் எழுதியிருப்பது அதற்கு முந்தைய சங்கதி.

இன்னொன்று, பாசஞ்சர் வண்டிகளின் எண். படத்தில் எல்லாமே 06 என்று ஆரம்பித்தன. கொரோனாவில் நின்றுபோன பாசஞ்சர்களைத் திரும்ப விட்டபோது ஸ்பெஷல் கணக்கில் முன்னால் 0 போட்டு ஓட்டினார்கள். 2025 ஜனவரி 1-ல் அந்த 0 போய், பழையபடி 5, 6, 7-ல் ஆரம்பிக்கும் எண்கள் வந்தன. அதே நாளில்தான் புதிய கால அட்டவணையும் நடைமுறைக்கு வந்தது. அதனால் வழக்கமான பாசஞ்சருக்கு நேரே 0 எண் இருந்தால், அந்தப் பலகையில் இருக்கும் நேரத்தை நம்பவே கூடாது. ஆனால் 5-ல் ஆரம்பித்தால் புதுசு என்றும் அடித்துச் சொல்ல முடியாது, கொரோனாவுக்கு முன்னாலும் அப்படித்தான் இருந்தது என்று அவரே எச்சரித்தார்.

நேரம் ஏன் மாறுகிறது என்பதையும் சொன்னார். ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் ஸ்டேஷனில்தான் ஒதுங்க முடியும். ஒரு எக்ஸ்பிரஸ்ஸின் நேரத்தைப் பத்து நிமிஷம் நகர்த்தினால், அதற்கு வழிவிட வேண்டிய பாசஞ்சர் வேறொரு ஸ்டேஷனில் ஒதுங்க வேண்டும், அதன் நேரமும் நகரும். நம்ம செங்கோட்டை லைனில் பாசஞ்சர் நேரத்தைப் பழைய படத்தில் பார்ப்பது அவ்வளவு ஆபத்து.

படம் எப்போது எடுத்தது என்று என் போனிலேயே பார்க்கலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த தேதி, இடம் எல்லாம் அழிந்துபோகிறது. என் போன் காட்டுவது எனக்கு வந்து சேர்ந்த தேதியை. புத்தம் புதுப் படம் மாதிரித் தெரியும்! எடுத்தவர் போனில் பார்க்க வேண்டும், இல்லை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். கடைக்காரருக்கும் அந்தப் படம் ஏதோ குரூப்பில் வந்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது. பலகையின் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருந்தது. எந்தத் தேதியில் இருந்து நடைமுறை என்ற வரி சில பலகைகளில் அங்கேதான் இருக்கும்.

இன்னும் ஒன்று வயிற்றெரிச்சல். மகன் போனில் எடுத்தானே பொது டிக்கெட், அது ஒரு குறிப்பிட்ட வண்டிக்கான டிக்கெட் இல்லை. இந்த ஊரில் இருந்து அந்த ஊருக்கு என்றுதான் கொடுக்கும். வண்டி போய்விட்டது என்று அது சொல்லாது. கவுண்டரில் நின்று வாங்கியிருந்தால், உள்ளே இருப்பவர் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

விவரமாக யோசனை சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், இப்போது கை ஓடவில்லை. பலகைப் படத்தை யார் காட்டினாலும் அதில் இருந்து வண்டி எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், நேரத்தை எடுக்காதீர்கள். கிளம்புகிற அன்றைக்கு 139-க்கு அடியுங்கள், இல்லை enquiry.indianrail.gov.in-ல் உங்கள் ஸ்டேஷன் பெயரைப் போட்டுப் பாருங்கள். எண் மாறியிருந்தால் இரண்டு ஊர் பெயரையும் போட்டுத் தேடுங்கள். வாரத்தில் எந்த நாள் ஓடுகிறது என்ற கட்டம் படத்தில் இல்லை என்றால் அந்தப் படத்தைத் தொடவே வேண்டாம். சின்ன ஸ்டேஷனில் வண்டி அஞ்சு நிமிஷம் தாமதமானாலே எழுந்து போய்க் கேளுங்கள், எங்களை மாதிரி உட்கார்ந்திருக்காதீர்கள். கடைக்காரர் எழுதித் தந்த துண்டுச் சீட்டைத் தூரப் போடாதீர்கள்.

அந்த கார்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நாளை காலை அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போகிறேன். அவர் கையால் நடந்த தப்புக்கு 9,980-ம் கேட்கப் போகிறேன். முழுசாகத் தர மனசில்லை என்றால், நாலு பேருக்கு வாங்கிய அந்த 400 ரூபாயையாவது என் அம்மா கையில் கொண்டு வந்து கொடுக்கட்டும்.