பேஸ்டல் உருவப்படம்: ஃபில்டரா, மாஸ்க்கா, கையால் வரைவதா?

பேஸ்டல் குச்சியைப் படுக்கவைத்து நிறத்தாளின் மேல் மெல்ல இழுத்தால், தாளின் மேடுகளில் மட்டும் பொடி ஒட்டும். பள்ளங்களில் தாளின் நிறம் அப்படியே நிற்கும். பேஸ்டல் ஓவியத்தில் நாம் சொரசொரப்பு என்று பார்ப்பது இந்த இடைவெளிகளைத்தான். ஒரு புகைப்படத்தைப் பேஸ்டல் ஓவியம்போல மாற்றக் கணினியில் மூன்று வழிகள் உண்டு: ஃபோட்டோஷாப்பின் Rough Pastels ஃபில்டர், நிறத்தாள் லேயரின் மேல் மாஸ்க் வழியாகப் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்கொண்டுவருவது, Krita எனப்படும் கிருதா ஓவிய மென்பொருளில் முதலிலிருந்தே கையால் வரைவது. இந்த மூன்றையும் பிரிப்பது அந்த இடைவெளிதான். எது தாளை முகத்தின் ஊடாகத் தெரியவிடுகிறது, எது தெரியவிடுவதாகப் பாவனை செய்கிறது என்று பார்த்தாலே தேர்வு எளிதாகிவிடும்.

ஒப்பிட ஒரே படத்தை எடுத்துக்கொள்வோம். மாநிறத்தைவிடச் சற்றுக் கறுத்த, நடுத்தர வயதுப் பெண். மூக்குத்தி, தலையில் மல்லிகைச் சரம், இடப்பக்க ஜன்னலிலிருந்து வெளிச்சம். அச்சிடப்போகும் அளவு 8 × 10 அங்குலம். அங்குலத்துக்கு 200 பிக்சல் வீதம் 1600 × 2000 பிக்சல். எந்த வழியானாலும் முதலில் படத்தை இந்த இறுதி அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சொரசொரப்பு பிக்சல் கணக்கில் உருவாவது. பிறகு அளவை மாற்றினால் அதுவும் சேர்ந்து மாறிவிடும்.

ஃபில்டர்: ஐந்து நிமிடம், ஆனால் கறுத்த முகத்துக்கு எதிரி

Filter > Filter Gallery > Artistic > Rough Pastels. படம் 8 Bits/Channel, RGB நிலையில் இருந்தால்தான் இது வேலை செய்யும். 16 பிட் படத்தில் மெனு மங்கிக் கிடக்கும். முன்னதாக Convert for Smart Filters கொடுத்துவிட்டால் அளவுகளைப் பிறகும் மாற்றலாம். இந்தப் படத்துக்கு Stroke Length 6, Stroke Detail 4, Texture-இல் Sandstone, Scaling 75%, Relief 12, ஜன்னல் பக்கத்தைப் பார்த்து Light-இல் Top Left என்று வைத்துத் தொடங்கலாம்.

வந்த படத்தில் மல்லிகைச் சரத்தைப் பாருங்கள்: பொடி அடர்த்தியாக, மழமழவென்று இருக்கும். இப்போது நிழல் விழுந்த வலக்கன்னத்தைப் பாருங்கள்: உப்புத்தாள்போலக் கீறிக் கிடக்கும். இது அமைப்பில் நேர்ந்த பிழையில்லை. வெளிச்சமான நிறங்களில் பொடி தடிமனாகவும், இருண்ட நிறங்களில் சுரண்டி எடுத்ததுபோலத் தாள் தெரியும்படியும்தான் இந்த ஃபில்டரே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. வெளுத்த முகத்தை அடர்ந்த பின்னணியில் வைத்தால் இது பொருந்திவிடும். நம் ஊர் முகங்களில் தலைகீழாகிறது: வெண்சுவர்ப் பின்னணி வழவழப்பாகவும், மென்மையாக இருக்க வேண்டிய தோல் சொரசொரப்பாகவும் வந்து நிற்கும்.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. Relief என்பது சொரசொரப்பின் ஒவ்வொரு சிறு மணிக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல் கொடுத்துப் புடைப்பை உண்டாக்குவது. அங்கே பள்ளத்தில் தெரிவது தாளின் நிறம் அல்ல, அதே கன்னத்தின் நிறம்தான், கொஞ்சம் இருட்டாக. அதனால் படத்தை எவ்வளவு மாற்றினாலும் 'தாளில் வரைந்தது' என்று கண் நம்புவதில்லை. சொரசொரப்பான சுவரில் புகைப்படத்தை ஒட்டியதுபோலவே படுகிறது. கீற்றுகளும் படம் முழுக்க ஒரே சாய்வில் ஓடும். கன்னம் வளைகிறது, மூக்கு இறங்குகிறது என்பதெல்லாம் ஃபில்டருக்குத் தெரியாது.

ஆனாலும் இதை முற்றாகத் தள்ள வேண்டாம். புடவையிலும் பின்னணியிலும் ஒரே சாய்வுக் கீற்று உறுத்தாது. முகம், கழுத்து, கைகளை மாஸ்க் போட்டு விலக்கிவிட்டு மற்ற இடங்களுக்கு மட்டும் பயன்படுத்தினால் இரண்டாவது வழியில் அரைமணி நேரம் மிச்சமாகும்.

மாஸ்க்: பெரும்பாலோர்க்கு இதுவே சரி

இங்கே அடியில் உண்மையிலேயே ஒரு நிறத்தாள் இருக்கிறது. அந்தத் தாளின் நிறத்தில்தான் பாதி வெற்றி. ஃபோட்டோஷாப்பில் Info பலகையை Lab-க்கு மாற்றி, வெளிச்சம் படும் கன்னத்தில் சுட்டியை வையுங்கள். இந்தப் படத்தில் வெளிச்ச அளவைக் காட்டும் L ஏறத்தாழ 58 என்று வைத்துக்கொள்வோம். நிழல் கன்னத்தில் 24. தாள் இரண்டுக்கும் நடுவில், 40 அளவில் இருக்க வேண்டும். நிறம் தேர்வு செய்யும் கட்டத்தில் L 40, a −3, b −8 என்று இட்டால் அடங்கிய சாம்பல் நீலம் வரும். தோலின் செம்பழுப்பு அதன்மேல் நன்றாக எடுப்பாகும்.

பலரும் அழகாயிருக்கிறது என்று பழுப்பு கலந்த வெண்தாளை, சந்தன நிறத்தாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கறுத்த முகத்தின் அடியில் அது வரும்போது கீற்றின் ஒவ்வொரு இடைவெளியும் வெள்ளைப் புள்ளியாகத் தெறிக்கிறது. முகத்தில் கோலமாவு சிந்தியதுபோல ஆகிவிடும். தாள் நடுத்தர அடர்த்தியில் இருந்தால் அதே இடைவெளி, வெளிச்சப் பகுதியில் மெல்லிய நிழலாகவும் நிழல் பகுதியில் மெல்லிய ஒளியாகவும் படிக்கப்படும். மரபான பேஸ்டல் ஓவியர்கள் நீலத்தாளை விரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து தோலைக் கலப்பது. படத்தின் நகலில் Filter > Blur > Surface Blur, Radius 10, Threshold 12. மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் கோடும் மேலிமையின் மடிப்பும் மறைந்துவிட்டால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், முகம் பொம்மையாகிவிடும். Threshold-ஐக் குறையுங்கள். பிறகு Levels-இல் Output-இன் இருண்ட முனையை 0-இலிருந்து 35-க்கும், வெளிச்ச முனையை 255-இலிருந்து 240-க்கும் கொண்டுவாருங்கள். பேஸ்டல் பொடி ஒளியைச் சிதறடிப்பது. புகைப்படத்தின் எண்ணெய்க் கருப்பு அதில் வராது.

இந்த நகலைத் தாள் லேயரின் மேல் வைத்து, கறுப்பு மாஸ்க் கொடுத்து, மென்மையான பிரஷால் வெள்ளை தீட்டி முகத்தை 60–70% வரை வெளியே கொண்டுவாருங்கள். பிரஷில் Texture இருக்கட்டும், Depth 20 போதும். இது விரலால் தேய்த்துக் கலந்த அடித்தளம்.

இதன்மேல் கீற்றுகள். அதே நகலை இன்னொரு முறை மேலே வைத்து மாஸ்க்கில் சாக் பிரஷால் தீட்டத் தொடங்கினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். கன்னத்தில் எவ்வளவு தீட்டினாலும் கீற்று கண்ணுக்குப் படாது. காரணம் எளிது: மேலும் கீழும் ஒரே நிறம். கீற்று லேயரை Curves-இல் சற்றே உயர்த்தி, கொஞ்சம் மஞ்சள் சேர்த்து வேறுபடுத்த வேண்டும். அதேபோல இருட்டுக்கென்று தாழ்த்திய இன்னொரு நகலும் தேவை; அது கூந்தலுக்கும் இமைக்கும்.

சாக் பிரஷின் Texture Depth 75 அளவில், Texture Each Tip தேர்வை நீக்கிவிட்டு வையுங்கள். அது இருந்தால் ஒவ்வொரு முத்திரையும் முந்தையதன் பள்ளத்தை நிரப்பிக்கொண்டே போகும், இடைவெளி அடைந்துவிடும். பிரஷ் அளவு கன்னத்தில் 35 பிக்சல், உதட்டருகே 12. கன்ன எலும்பை ஒட்டிச் சாய்வாக, மூக்கில் மேலிருந்து கீழாக, நெற்றியில் வளைவோடு இழுக்க வேண்டும். கீற்றுகள் நெற்றி, மூக்குத் தண்டு, இடக்கன்னம், மோவாய் இவற்றோடு நிற்கட்டும். நிழல் கன்னத்தைக் கலந்தபடியே விட்டுவிடுங்கள். கழுத்தின் வலப்பக்கம், தோள் விளிம்பு ஆகியவற்றில் தாள் வெறுமையாகத் தெரிவது நல்லது.

கண்ணுக்கு வருவோம். படத்தில் முகம் 1000 பிக்சல் உயரமிருந்தால் கருவிழி சுமார் 60 பிக்சல் அகலம் இருக்கும், அதிலுள்ள ஒளிப்புள்ளி 8 அல்லது 10. தாளின் மணி 4–5 பிக்சலுக்கு மேல் போனால் அந்த ஒளிப்புள்ளி உடைந்து பார்வையே தடுமாறிவிடும். அதனால் Texture-இன் Scale-ஐக் கண்ணைப் பார்த்துத்தான் அமைக்க வேண்டும், கன்னத்தைப் பார்த்து அல்ல. ஒளிப்புள்ளியும் மூக்குத்தியின் மினுக்கமும் கடைசியில், தனி லேயரில், Texture இல்லாமல் ஒரே ஒரு தொடுகை. உண்மைக் குச்சியை அழுத்தி வைத்தாலும் பள்ளம் நிரம்பி இப்படித்தான் முழுமையாகப் பதியும்.

மாஸ்க்கும் டெக்ஸ்சர் பிரஷும் ஜிம்ப் மென்பொருளிலும் உண்டு, ஆனால் மேலே சொன்ன அமைப்புகள் அப்படியே இருக்காது. பழகியவருக்கு ஒன்றரை மணி நேர வேலை.

கிருதாவில் கையால்: வரையத் தெரிந்தவருக்கு

மாஸ்க் வழியின் எல்லை இதுதான்: நிறங்கள் கடைசிவரை கேமரா கொடுத்தவையே. நிழல் கன்னத்தில் நீலம், மூக்கோரத்தில் பச்சை என்று ஓவியர் வைப்பது அதில் வராது. பிரெஞ்சு ஓவியர் சார்டான் 1775-இல் பேஸ்டலில் வரைந்த தன்னுருவப் படத்தில் தனித்தனி நிறக் கீற்றுகள் கலக்காமல் அடுத்தடுத்து நின்றே தோலாகின்றன. மறுகோடியில் சுவிஸ் ஓவியர் லியோட்டார் தோல்தாளில் வரைந்த 'சாக்லேட் பெண்' படத்தில் கீற்றே தேடவேண்டியிருக்கும். முதலாவதுபோல வேண்டுமென்றால் கையால் வரைவதுதான் வழி.

தாள் நிறத்தில் அடி லேயர், புகைப்படத்தை ஓரத்தில் Reference Image ஆக வைத்துக்கொண்டு, Chalk என்று பெயர் கொண்ட பிரஷ்களால் வரையலாம். இங்கே விழும் பொறி Ctrl அழுத்திப் புகைப்படத்திலிருந்து நிறம் எடுத்துக்கொண்டே போவது. பக்கத்துப் பக்கத்துப் பிக்சலே வேறு வேறு நிறமாக இருப்பதால் நூறு பழுப்புகள் சேர்ந்து சேறாகிவிடும். தோலுக்கு வெளிச்சம் மூன்று, நடு மூன்று, நிழல் மூன்று என்று ஒன்பது நிறங்களை முன்பே பிரித்து வைத்துக்கொண்டு, அதற்கு வெளியே போகாமல் வரைய வேண்டும். உண்மைப் பேஸ்டல் பெட்டியிலும் குச்சிகள் எண்ணிக்கைக்குட்பட்டவைதானே.

கலப்பதை முதலில் முடித்துவிட்டுப் பிறகே கீற்று. வரைந்த கீற்றின் மேல் Blender பிரஷை ஓட்டினால் மணி முழுக்க அழிந்து மெழுகு பூசியதுபோலாகும். விரலால் தேய்த்த உண்மைத்தாளும் அப்படித்தான் அடைபடும். பேனா டேப்லெட் கட்டாயம் தேவை, அழுத்தத்தை மவுஸால் கொடுக்க முடியாது. ஒரு முகத்துக்கு ஆறேழு மணி நேரம் ஒதுக்க வேண்டும். கண், மூக்கு அமைப்பில் கை நிலைபெறாதவர் இதில் இறங்கினால் சொரசொரப்பு அருமையாக வரும், ஆனால் ஆள் வேறொருவராகிவிடுவார். அன்பளிப்பாகக் கொடுக்கப்போகும் உருவப்படத்தில் அது பெரிய இழப்பு.

மூன்றுக்கும் பொதுவாக, அச்சிடும்போது மேட் தாளையே கேளுங்கள். பளபளப்புத் தாளில் பொடியின் தோற்றம் செத்துவிடும். 200 பிக்சல் அடர்த்தியில் 4 பிக்சல் மணி அச்சில் சுமார் அரை மில்லிமீட்டர். கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்துக்கு அது பொருந்தும். அதே கோப்பை 800 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கி வாட்ஸப்பில் அனுப்பினால் மணி ஒன்றரைப் பிக்சலாகி, கன்னம் வெறும் மங்கலாகத் தெரியும். கைபேசிக்கென்று அனுப்ப வேண்டுமானால், சுருக்குவதற்குப் பதில் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து முழு அளவில் அனுப்புங்கள்.