ஊருக்குப் போன மூன்று வாரமும் அப்பாவின் கால் புண்ணும்

இந்த முறை விடுப்பில் போனது அப்பாவுக்காக. வலது காலில், பெருவிரல் அடிப்பகுதியில், நான்கு மாதமாக ஆறாத சர்க்கரைப் புண். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசகராக இதே மாதிரி நோயாளிகளைத்தான் தினமும் பார்க்கிறேன். சொந்த அப்பாவை மட்டும் போனில் "சாப்டீங்களா?" என்று கேட்டதோடு விட்டிருக்கிறேன்.

வீட்டில் நுழைந்ததும் கண்ணில் பட்டது புண் அல்ல, சட்டை. தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய சீட்டுகளைத் தேடியதில் நான்கு மாதத்துக்கு முந்தைய எடை கிடைத்தது, 66 கிலோ. இப்போது 60. நூற்றுக்கு 9 பங்கு போயிருக்கிறது. கணுக்காலில் கொஞ்சம் நீர் வேறு கோத்திருந்ததால் உண்மையில் இழந்த சதை இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும். அதுவரை பார்த்துவந்த கிளினிக்கின் சீட்டுகளில் இந்த நான்கு மாதத்தில் எடை என்ற கட்டம் ஒருமுறைகூட நிரப்பப்படவில்லை. புண்ணின் அளவும் இல்லை. எல்லா வருகைக்கும் ஒரே வரி: "டிரெஸ்ஸிங் செய்யப்பட்டது, முன்னேற்றம் உள்ளது."

அதே சீட்டில் ஒரு பாராட்டும் இருந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 9.1-லிருந்து 6.9-க்கு இறங்கியிருந்தது. அப்பாவுக்கு அதில் பெருமை. எப்படி இறங்கியது என்று கேட்டேன். "சாப்பாட்டக் குறைச்சிட்டேம்மா. சாப்பிட்டா ஏறிடுது, ஏறினா புண்ணு ஆறாதுன்னாங்க." இன்சுலின் அளவு மட்டும் பழையபடியே இருந்தது. விடிகாலையில் வியர்த்து எழுந்துகொள்வதாக அம்மா சொன்னதும் மறுநாள் 5 மணிக்குக் குத்திப் பார்த்தேன், 58. நல்ல கட்டுப்பாடு என்று எல்லோரும் நினைத்ததில் பாதி பட்டினி.

மூன்று நாள் அவர் வாயில் போனதையெல்லாம் அம்மாவை எழுதி வைக்கச் சொன்னேன். கணக்குப் போட்டால் நாளுக்குச் சுமார் 1,150 கலோரி, 38 கிராம் புரதம். புண் ஆற வேண்டிய ஒருவருக்குக் கிலோவுக்கு 30 கலோரி, 1.25 முதல் 1.5 கிராம் புரதம் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். 60 கிலோவுக்கு 1,800 கலோரி, குறைந்தது 75 கிராம் புரதம். அவர் சாப்பிட்டது கலோரியில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை, புரதத்தில் பாதிதான். கலோரி போதாதபோது உடம்பு புரதத்தையே எரித்துவிடும், புண்ணுக்கு மிஞ்சாது. அதனால் புரதப் பொடியை மட்டும் கலக்கிக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருக்க முடியாது.

இரண்டாவது கருத்துக்காக வேறொரு மருத்துவமனையின் பாதச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனோம். அங்கே கிடைத்த கவனிப்பை மனதாரச் சொல்ல வேண்டும். உள்ளே போனதும் சிஸ்டர், "சார், செருப்பக் கழட்டிட்டு இதுல நில்லுங்க" என்று முதலில் எடை பார்த்தார். பிறகு மருத்துவர் புண்ணைச் சுற்றியிருந்த காய்ப்பையும் செத்த சதையையும் சீவி எடுத்தார். அதற்கப்புறம்தான் சிஸ்டர் அளவு எடுத்தார். இந்த வரிசை முக்கியம். சீவுவதற்கு முன் ஒரு வாரமும் சீவிய பின் மறு வாரமும் அளந்தால் புண் பெருத்துவிட்டதாகத் தோன்றும், வீணாகப் பயப்படுவோம். மிக நீளமான இடத்தில் 3.0 சென்டிமீட்டர், அதற்குக் குறுக்கே 2.5. பெருக்கினால் 7.5 சதுர சென்டிமீட்டர். சுத்தமான குச்சியை மெல்ல விட்டு ஆழம் 4 மில்லிமீட்டர் என்று எழுதினார். பக்கத்தில் காகித அளவுகோலை ஒட்டி, தேதி எழுதி, நேர் மேலிருந்து ஒரு படம்.

ரத்தப் பரிசோதனையில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் 2.9 என்று குறைவாக வந்தது. பழைய கிளினிக்கில் இதைக் காட்டித்தான் "புரதம் கம்மி" என்று சொல்லியிருந்தார்களாம். ஆனால் கூடவே எடுத்த, அழற்சியைக் காட்டும் சிஆர்பி 48 என்று உயர்ந்திருந்தது. உடம்பில் தொற்றும் அழற்சியும் இருக்கும்போது கல்லீரல் ஆல்புமின் செய்வதைக் குறைத்துக்கொள்ளும், எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும் எண் இறங்கும். ஊட்டத்தைச் சொல்வது எடை இழப்பும், சாப்பிட்ட கணக்கும், சதை தேய்ந்த கெண்டைக்காலும்தான்.

சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று பார்த்த பிறகே மருத்துவர் 75 கிராமுக்குச் சம்மதித்தார். சிறுநீரகம் பழுதானவருக்கு இந்தக் கணக்கைத் தன்னிச்சையாகப் போடக் கூடாது. அப்பா ஏற்கெனவே சாப்பிடும் 38 கிராமோடு இரண்டு முட்டையில் 12, ஒரு தம்ளர் பாலில் 7, நூறு கிராம் மீனில் 20 சேர்த்தால் 77 ஆகிவிட்டது. மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுத்தோம். "ஏறிடும்மா" என்று முதல் நாள் தட்டைத் தள்ளினார். ஏறத்தான் செய்தது, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 230. மருத்துவர் சாப்பாட்டைக் குறைக்கவில்லை. இரவு இன்சுலினைக் குறைத்து, சாப்பாட்டு நேர இன்சுலினைச் சேர்த்தார். பத்து நாளில் விடிகாலை 110-க்கு மேலும், சாப்பிட்ட பின் 180-க்குக் கீழும் நின்றது. மூன்று மாதச் சராசரியில் இந்த மாற்றம் உடனே தெரியாது. இப்படிப்பட்ட வாரங்களில் நம்ப வேண்டியது தினசரிக் குறிப்பேட்டைத்தான்.

என்னை அதிகம் உறுத்தியது ஜிங்க். பழைய கிளினிக்கில், புண் சீக்கிரம் ஆறும் என்று 220 மில்லிகிராம் ஜிங்க் சல்பேட் மாத்திரை இருவேளை எழுதி, இரண்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாத்திரையில் தனி ஜிங்க் 50 மில்லிகிராம், ஆக நாளுக்கு 100. பெரியவர்களுக்கு உச்ச வரம்பு 40. கூடுதல் ஜிங்க் குடலில் தாமிரம் சேருவதைத் தடுக்கும். தாமிரம் குறைந்தால் ரத்தசோகை வரும், வெள்ளணுக்கள் குறையும், நரம்பும் கெடும். ஏற்கெனவே பாதம் மரத்துப்போனவருக்கு இது புதுச் சேதம் என்று யாருக்கும் தோன்றாது, சர்க்கரையின் மேல் பழி போட்டுவிடுவார்கள். அப்பாவின் தாமிர அளவு கீழ் எல்லையில் நின்றது. மருத்துவர் மாத்திரையை அன்றே நிறுத்தினார். குறைபாடு இருக்கிறவருக்கு ஜிங்க் கொடுக்கலாம், ஆனால் தொற்று இருக்கும்போது ரத்தத்தில் ஜிங்கும் தானாக இறங்கும் என்பதால் அந்த எண்ணையும் சிஆர்பியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒரே தாளில் தேதி, புண் பரப்பு, ஆழம், எடை, புரதம், விடிகாலை சர்க்கரை என்று கட்டம் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். 7.5, அடுத்த வாரம் 6.7, பிறகு 5.5, மூன்றாவது வாரம் 4.6. எடை 61. கிளம்பும் நாளில் அப்பாவே அந்தத் தாளைப் படித்துக் காட்டினார்.

நான்காவது வாரத் தாளைத் தம்பி படம் எடுத்து அனுப்பினான். 2.2 பெருக்கல் 1.8, அதாவது 3.96. முதல் அளவான 7.5-லிருந்து நூற்றுக்கு 47 குறைந்திருக்கிறது. நான்கு வாரத்தில் பாதியாவது சுருங்காத புண் பன்னிரண்டு வாரத்தில் மூடுவது சந்தேகம் என்பதால் சிஸ்டர் அந்த 47-ஐ வட்டமிட்டிருந்தார். ரத்த ஓட்டத்தை மறுபடி பார்த்தார்கள், சரியாக இருந்தது. பிறகு அப்பாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டதில் வெளிவந்தது, அழுத்தம் குறைக்கும் காலணியை ராத்திரி கழற்றிவிட்டு வெறுங்காலோடு பாத்ரூம் போய்வருகிறார், மூன்று நான்கு தடவை. எவ்வளவு முட்டை சாப்பிட்டாலும் அந்த மிதி புதுச் சதையை நசுக்கிவிடும். இப்போது காலணி கட்டிலுக்கு அடியில் இல்லை, தலைமாட்டு ஸ்டூல் மேல் இருக்கிறது. தாளில் தம்பி "ராத்திரி காலணி" என்று இன்னொரு கட்டம் சேர்த்திருக்கிறான். அடுத்த அளவு செவ்வாய்க்கிழமை.