ஜப்பான் பால் டின்னில் ‘100 மில்லி’ என்றால் எதன் அளவு? சில மாதப் பயன்பாட்டு அனுபவம்

தாய்ப்பால் போதவில்லை, பவுடர் பாலும் சேர்த்துக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, ஜப்பானில் வேலை பார்க்கும் என் மச்சான் அங்கிருந்தே டின் அனுப்பத் தொடங்கினார். தர்மபுரியில் எங்கள் வீட்டில் யாருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. டின்னைப் போட்டோ எடுத்து போனிலேயே மொழிபெயர்த்துப் படித்தோம். அதே போட்டோவை மச்சானுக்கும் அனுப்பி, வீடியோ காலில் வரிவரியாகப் படித்துக் காட்டச் சொன்னோம். பாலின் தரத்தில் குறையே இல்லை. குழந்தை நன்றாகக் குடிக்கிறாள், எடையும் ஒழுங்காக ஏறுகிறது. கவனம் தேவைப்படுவது கலக்கும் முறையில்தான்.

நம் ஊர் டின்னில் பொதுவாக 30 மில்லி தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் என்று இருக்கும். தண்ணீரை முதலில் அளந்து ஊற்றி, பிறகு பவுடர் போடுவோம். இந்த ஜப்பான் டின்னின் அட்டவணையில் 100 மில்லிக்கு 5 ஸ்பூன், அதாவது 20 மில்லிக்கு ஒரு ஸ்பூன். ஆனால் அந்த 100 மில்லி தண்ணீரின் அளவு கிடையாது, கலந்து முடித்த பாலின் அளவு. போன் மொழிபெயர்ப்பில் அந்தக் கட்டத்துக்கு மேல் ‘அளவு’ என்று மட்டும்தான் வந்தது. மச்சான் படித்துச் சொன்ன பிறகே விஷயம் தெளிவானது.

அதனால் இங்கே வரிசையே மாறுகிறது. காய்ந்த பாட்டிலில் முதலில் 5 ஸ்பூன் பவுடர். அப்புறம் கொதித்து சற்றே ஆறிய தண்ணீர், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில், மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 65 மில்லி. மூடி, கட்டி இல்லாமல் கரையும் வரை மெதுவாகச் சுழற்ற வேண்டும். நுரை அடங்கியதும் பாட்டிலைச் சமதரையில் வைத்து, 100 கோடு வரை கொதித்த தண்ணீரால் நிரப்ப வேண்டும். பிறகு பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்கலாம். அவ்வளவு சூடான தண்ணீர் கேட்பதற்குக் காரணம், பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல என்பதுதான்.

100 மில்லி தண்ணீரை முழுதாக ஊற்றி 5 ஸ்பூன் போட்டால், பவுடரும் இடம் பிடித்துக்கொண்டு பால் ஏறக்குறைய 110 மில்லி ஆகிவிடும். ஒவ்வொரு வேளையும் அந்த அளவுக்கு நீர்த்த பால்தான் குழந்தைக்குப் போகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஸ்பூன் மாறுவது. எங்கள் டின்னின் ஸ்பூன் தலை தட்டினால் 2.7 கிராம் பிடிக்கும். நம் ஊர் டின்களின் ஸ்பூன் சுமார் 4.5 கிராம். ஜப்பான் ஸ்பூனால் அளந்து, பழக்கத்தில் 30 மில்லி தண்ணீர் ஊற்றினால், பாலின் சத்து ஏறக்குறைய பாதிக்குச் சற்று மேல்தான். குழந்தை எடை ஏறாது. நீர்த்த பாலே தொடர்ந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரைக்கும் போகலாம். மாறாக, நம் ஊர் ஸ்பூனால் அளந்து 20 மில்லிக்கு ஒன்று போட்டால் பால் ஒன்றரை மடங்கு கெட்டி. மலச்சிக்கல், சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போவது, அழுகை. நீடித்தால் உடலில் உப்பு கூடி சிறுநீரகத்துக்குப் பளு.

என் அம்மா ராகியைப் படியில் அளப்பதுபோல ஸ்பூனையும் தலை தட்டித்தான் அளக்கிறார். அமுக்கவும் கூடாது, கோபுரமாக அள்ளவும் கூடாது. சந்தேகம் தீர, பத்து ஸ்பூனைத் தராசில் போட்டு 27 கிராம் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

போட்டோ எடுப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. டின் உருண்டை என்பதால் ஓரத்துக் கட்டங்கள் வளைந்து, ஒரு வரியின் எண் பக்கத்து வரியில் போய் உட்கார்ந்துவிடும். எங்கள் டின்னில் முதல் வரி பிறந்ததிலிருந்து அரை மாதம் வரை. அது 1/2 என்று அச்சாகியிருக்கிறது. ஒரு போட்டோவில் அது ‘1-2 மாதம்’ என்று வந்தது. டின்னைத் திருப்பித் திருப்பி மூன்று நான்கு படமாக நேராக எடுத்து, ஒவ்வொரு வரியிலும் மில்லியை 20ஆல் வகுத்தால் ஸ்பூன் எண்ணிக்கை வருகிறதா என்று பாருங்கள். 80க்கு 4, 120க்கு 6. வராத வரி தப்பாகப் படிக்கப்பட்டிருக்கிறது.

தண்ணீர் விஷயம் நம் மாவட்டத்துக்கே உரியது. இங்கே பல ஊர்களில் போர்வெல் தண்ணீரில் ஃபுளூரைடு அதிகம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளூரைடு போகாது; தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். பால் கலக்க ஒகேனக்கல் குடிநீரை மட்டுமே கொதிக்க வைக்கிறோம். கொதித்து அரை மணி நேரத்துக்குள் கலந்துவிட்டால் சூடு சரியாக இருக்கும். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை, குழந்தை வாய் வைத்து மீந்ததைக் கொட்டிவிடுகிறோம்.

டின் தீர்ந்து அடுத்தது வரத் தாமதமானால், இங்கே கிடைப்பதை டாக்டரிடம் கேட்டு வாங்குகிறோம். அன்றைக்கே பழைய ஸ்பூனை எடுத்துப் போட்டுவிட்டு, புது டின்னுக்குள் இருக்கும் ஸ்பூனையும் அதன் அளவையும் மட்டும் வைத்துக்கொள்கிறோம். டின் மூடியில் மார்க்கரால் ‘20 மில்லி பாலுக்கு 1’ அல்லது ‘30 மில்லி தண்ணீருக்கு 1’ என்று பெரிதாக எழுதிவைத்தால், ராத்திரி தூக்கத்தில் யார் கலந்தாலும் மாறாது.