பேரிங்: இயந்திர ஆவணத்தில் ஒரு சொல், கட்டுமான ஆவணத்தில் பல

ஆங்கில ஆவணத்தில் பேரிங் என்று வரும் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்பது அது வரும் இடத்தைப் பொறுத்தது. இயந்திரவியலில் பேரிங் என்பது கையில் எடுக்கக்கூடிய ஒரு பாகம். சுழலும் தண்டைத் தாங்கிப் பிடித்து, உராய்வைக் குறைக்கும். கடையில் 6205 என்ற எண்ணுள்ள பேரிங்கைக் கேட்டால் உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52 மி.மீ. கொண்ட ஒரே அளவுதான் வரும். அதனால் இங்கே போட்டி இரண்டு சொற்களுக்கு இடையில்தான்: தாங்கி, பேரிங். பாடநூலில் தாங்கி பொருந்தும். பராமரிப்புக் கையேட்டில் பேரிங் என்றே எழுதுவதுதான் சரி என்பது என் கருத்து. அதைப் படித்துவிட்டு உதிரிபாகம் வாங்கப் போகிறவர் அப்படித்தான் கேட்பார்.

கட்டுமானத்துக்கு வந்தால் அதே சொல் பெரும்பாலும் ஒரு பொருளாகவே இருப்பதில்லை. 1200 மி.மீ. அகலத் திறப்புக்கு மேல் வைக்கும் லிண்டலை எடுத்துக்கொள்வோம். வரைபடத்தில் இருபுறமும் 150 மி.மீ. பேரிங் என்று குறிப்பு இருக்கிறது. லிண்டல் ஒவ்வொரு பக்கமும் சுவர்மேல் 150 மி.மீ. உட்கார வேண்டும், ஆக மொத்த நீளம் 1500 மி.மீ. என்பதுதான் இதன் பொருள். இதை ‘150 மி.மீ. தாங்கி’ என்று எழுதினால், அடியில் ஏதோ தனித் துண்டு வைக்கச் சொல்கிறார்கள் என்று படிப்பவர் நினைக்கலாம். லிண்டலை 1200 மி.மீ.க்கே வார்த்துவிட்டால் சுவரில் உட்கார இடமே இருக்காது. ‘சுவர்மேல் அமரும் நீளம்’ என்று எழுதினால் இந்தக் குழப்பம் வராது. ‘தாங்கு நீளம்’ சுருக்கமானதுதான், ஆனால் எந்த நீளம் என்பதை அது சொல்வதில்லை. வேலைத்தளத்துக்குப் போகும் தாளில் ‘சுவர்மேல் அமரும் நீளம்’ என்பதையே தேர்வேன்.

மண்ணைப் பற்றிய அறிக்கையில் வருவது இன்னொன்று. சதுர மீட்டருக்கு 150 கிலோநியூட்டன் என்று ஒரு எண் கொடுத்திருப்பார்கள். அது மண்ணின் தாங்குதிறன். தாங்கி எதுவும் அங்கே இல்லை.

நில அளவையில் தாங்குவதற்கே வேலை இல்லை. ஒரு கோட்டின் பேரிங் 60° என்றால், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 60° திரும்பிய திசை அது. அதே கோட்டை மறுமுனையிலிருந்து பார்த்தால் 240°. இதற்குத் திசைக்கோணம் என்பதே சொல். அலகைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்: மி.மீ. என்றால் பெரும்பாலும் நீளம், பரப்புக்கு இவ்வளவு விசை என்றால் தாங்குதிறன், பாகை என்றால் திசைக்கோணம்.

ஆனால் துறையை மட்டும் பார்த்துச் சொல்லை மாற்றினால் பாலத்தில் தடுக்கி விழுவோம். உத்திரத்துக்கும் தூணுக்கும் நடுவே வைக்கும் ரப்பர் பேரிங் கட்டுமானத் துறையைச் சேர்ந்ததுதான். ஆனால் அது எண்ணி வாங்கி, பழுதானால் மாற்றும் பாகம். வெயிலில் உத்திரம் நீளும்போது நகர இடம் கொடுத்துக்கொண்டே எடையைத் தூணுக்கு இறக்குகிறது. அங்கே தாங்கி என்றே எழுதலாம். அதே பாலத்தின் அச்சுக்கோட்டுக்கு அளவை வரைபடத்தில் திசைக்கோணமும் தந்திருப்பார்கள். ஆகவே கோப்பு முழுவதும் ஒரே சொல்லைத் தேடி மாற்றிவிடாமல், ஒவ்வொரு இடத்தையும் தனியாகப் பார்த்தே எழுத வேண்டியிருக்கிறது.