நல்ல ஆடிட் எல்லாம் ஒருத்தனுக்கே போனா: பேசாம இருக்கறதா, மாறிப் போறதா, மேல சொல்றதா, கேட்டு வாங்கறதா?

2022ல கோயம்புத்தூர்ல ஒரு ஆடிட் ஆபீஸ்ல நான் ரெண்டாவது வருஷ ஆர்ட்டிகிள், அதாவது சிஏ படிப்புக்காக மூணு வருஷப் பயிற்சில இருந்த ஆளு. வேலை பிரிச்சுக் குடுக்கறது மேனேஜர் சார் தான், எங்களுக்குப் பயிற்சி குடுக்கற சிஏவான பிரின்சிபல் அதுல தலையிட மாட்டார். கிளையன்ட் இடத்துக்குப் போற ஆடிட், ஏப்ரல்ல வர்ற பேங்க் பிராஞ்ச் ஆடிட் எல்லாம் ஒரே பையனுக்குத் தான் போகும், என் டேபிளுக்கு வர்றது மாசா மாசம் ஜிஎஸ்டி ரிட்டர்னும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பணம் குடுக்கறப்பவே பிடிக்கற வரியான டிடிஎஸ்ஸுக்கு 26 க்யூ ஃபைலிங்கும். ஆர்ட்டிகிள்ஷிப்ல இது வெறும் மனக்கஷ்டம் இல்ல, மூணு வருஷம் முடிஞ்சு இன்டர்வியூல போய் உக்காந்தா "என்னென்ன ஆடிட் பண்ணிருக்கீங்க"ன்னு தான் கேப்பாங்க, அங்க 26 க்யூன்னு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சு வர முடியாது.

என் முன்னாடி நாலு வழி இருந்துச்சு.

பேசாம வேலையப் பாக்கறது முதல் வழி. நான் ஒரு வருஷம் அப்படித் தான் இருந்தேன், ஒண்ணும் மாறல. ரிட்டர்ன் வேலைய தப்பில்லாம முடிச்சா அடுத்த மாசம் இன்னும் ரெண்டு கிளையன்ட்டோட ரிட்டர்ன் சேர்ந்து வரும், அவ்ளோ தான்.

ரெண்டாவது வேற ஆபீஸ் மாறறது. நான் பழைய மூணு வருஷ ஸ்கீம்ல சேர்ந்த ஆளு, அதுல முதல் வருஷம் தாண்டிட்டா நினைச்ச மாதிரி டிரான்ஸ்ஃபர் வாங்க முடியாது, உடம்பு சரியில்ல, அப்பா அம்மாவுக்கு வேற ஊருக்கு மாத்தல்னு குறிப்பிட்ட காரணம் வேணும், 109 ஃபார்ம்ல பிரின்சிபல் கையெழுத்தும் வேணும். "எனக்கு நல்ல ஆடிட் தர மாட்டேங்கறாங்க"ங்கறது அங்க காரணமா நிக்காது.

மூணாவது பிரின்சிபல்கிட்ட நேரா போய் சொல்றது. இத நான் செய்யல, அதனால தீர்ப்பு சொல்ற தகுதி எனக்கு முழுசா இல்ல. வேற ஆபீஸ்ல இருந்த தோழி ஒருத்தி செஞ்சா, பிரின்சிபல் மேனேஜரக் கூப்பிட்டுப் பேசினார், அடுத்த வாரமே அவளுக்கு ஒரு பெரிய ஆடிட் வந்துச்சு. ஆனா போன வருஷ ஃபைல் எங்க இருக்கு, கிளையன்ட் ஆபீஸ்ல யாரப் பாக்கணும்னு எதையும் சொல்லாம கைல குடுத்துட்டாங்க, அவ திணறினா. ஒரே ஒருத்தியோட அனுபவம் தான், எல்லா இடத்துலயும் இப்படியே ஆகும்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒரு விஷயம் தனி. வேலை குடுக்கறதுக்குப் பதிலா ஒருத்தர் பாலியல் ரீதியா எதையாவது எதிர்பாக்கறார்னா, சாதி பாத்து ஒதுக்கறார்னா, அது வேண்டியவன் வேண்டாதவன் கணக்கே இல்ல, அங்க கேட்டு வாங்கறதுன்னெல்லாம் உக்காந்திருக்கக் கூடாது. முதல்ல சொன்னதுக்கு 2013 சட்டப்படி பத்து பேர் இல்ல அதுக்கு மேல வேலை பாக்கற இடத்துல உள் புகார்க் குழு இருந்தாகணும், நேரா அங்க போகணும்.

நான் எடுத்தது நாலாவது வழி, மேனேஜர்கிட்டயே குறிப்பிட்ட ஒரு வேலையக் கேட்டு வாங்கறது. அதுக்கு முன்னாடி மே, ஜூன், ஜூலைன்னு மூணு மாசம் ஒரு நோட்டுல தேதி, கிளையன்ட், என்ன வேலை, யாருக்குப் போச்சுன்னு நாலு காலம் போட்டு எழுதிட்டு வந்தேன். கிளையன்ட் இடத்து வேலை மொத்தம் ஒன்பது, அதுல ஆறு அந்தப் பையனுக்கு. பாத்ததும் வயிறு எரிஞ்சுது. அப்புறம் உக்காந்து பாத்தா அந்த ஆறுல நாலு, போன வருஷமும் அவனே போன இடம். எங்க ஸ்டாக் இருக்கு, அக்கவுன்டன்ட் எந்த பில்ல ஒளிச்சு வைப்பார்னு எல்லாம் அவனுக்குத் தெரியும். ரெண்டு மட்டும் தான் யாருக்கு வேணா குடுத்திருக்கலாம், அவனுக்குக் குடுத்தது. நோட்டு இல்லன்னா நான் "எல்லாமே அவனுக்குத் தான்"னு போய் நின்னிருப்பேன், மேனேஜர் ஒரே நிமிஷத்துல அத உடைச்சிருப்பார்.

இந்த வழி நிக்குமா நிக்காதாங்கறத முடிவு பண்றது ஒரே விஷயம், நம்ம வேலைய சரி பாக்க மேனேஜருக்கு எவ்ளோ நேரம் ஆகும்ங்கறது. செப்டம்பர் 30க்குள்ள டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட் எல்லாம் ஏத்தணும்னு ஓடறப்ப அவர் பாக்கறது இவன் குடுத்தா நான் திரும்பிப் பாக்க வேண்டாம்ங்கறதத் தான், மேனேஜருக்குப் பிடிச்ச ஆளுங்கள்ல பாதிப் பேர் அப்படித் தான் உருவாகறாங்க. அதனால "எனக்கும் ஆடிட் குடுங்க சார்"னு பொதுவா கேட்டா அவர் காதுல விழறது "உங்களுக்கு இன்னொரு செக்கிங் வேலை"ன்னு. அவருக்கு செக்கிங் குறையற மாதிரி ஒரு துண்டு வேலையக் கேக்கணும், அது என் கைல ஏற்கனவே இருக்கற வேலைல இருந்து தான் கிடைச்சுது.

டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்டோட போற 3சிடி ஃபார்ம்ல அப்ப 34ஆவது கிளாஸ்னு ஒண்ணு, எந்த செலவுக்கு எவ்ளோ டிடிஎஸ் பிடிக்கணும், எவ்ளோ பிடிச்சாங்கன்னு அட்டவணை போடணும். திருப்பூர் பனியன் கம்பெனி ஒண்ணோட ஆடிட் அந்தப் பையன்கிட்ட, ஆனா அவங்களோட 26 க்யூ நாலு குவார்ட்டரும் ஃபைல் பண்ணது நான். ஆகஸ்ட்ல 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் வேலை முடிஞ்சு ஆபீஸ் கொஞ்சம் அமைதியானப்புறம் போய்க் கேட்டேன்.

"சார், பனியன் கம்பெனிக்கு 34 மட்டும் நான் போட்டுத் தரட்டுங்களா? 26 க்யூ டேட்டா எங்கிட்டயே இருக்குது, லெட்ஜரோட ஒத்துப் பாத்து வியாழக்கிழமை குடுத்தர்றேன்."

அவர் தலைய நிமுத்தாமலே "செய், ஆனா அவன்கிட்ட சொல்லிட்டு செய்"ன்னார்.

ஜாப் ஒர்க் லெட்ஜர எடுத்து பார்ட்டி வாரியா பிரிச்சேன். காஜா பட்டன் போடற ஒருத்தருக்கு அந்த வருஷம் அஞ்சு பில்: 18,500, 22,000, 24,500, 21,000, 26,000. ஒத்த பில் 30,000 தாண்டினா தான் கான்ட்ராக்ட் வேலைக்கான 194சி டிடிஎஸ்னு அவங்க அக்கவுன்டன்ட் எதுக்குமே பிடிக்கல. ஆனா வருஷ மொத்தம் ஒரு லட்சம் தாண்டினாலும் பிடிக்கணும்ங்கறது அப்ப இருந்த ரூல், இங்க கூட்டினா 1,12,000. 26 க்யூல அவர் பேரே இல்ல. பிடிக்காத தொகைல 30 சதவீதம், அதாவது 33,600, செலவா ஏத்துக்க மாட்டாங்க, அது 21ஆவது கிளாஸ்லயும் போகணும்.

அத அப்படியே வாயால சொல்லல. ஒரே ஷீட்ல பில் நம்பர், தேதி, தொகை, பக்கத்துல ஓடற கூட்டல், எந்த பில்லுல ஒரு லட்சம் தாண்டுதோ அந்த வரிக்கு மஞ்சக் கலர், பின்னாடி பில் காப்பி அதே வரிசைல. சார் அஞ்சு பில்லையும் விரல் வெச்சுப் பாத்தார், கால்குலேட்டர்ல ஒரு தடவை கூட்டினார், பத்து நிமிஷம் கூட ஆகல. "மத்த ஜாப் ஒர்க் பார்ட்டியும் இதே மாதிரி போட்டுரு"ன்னு சொல்லிட்டு அடுத்த ஃபைல எடுத்தார்.

இந்த வழில ஒரு ஆபத்தும் இருக்கு. துண்டு துண்டா வாங்கினா துண்டு வேலை ஆளாவே நின்னுருவோம், எனக்கு அடுத்த மூணு கிளையன்ட்டுக்கும் 34 மட்டும் தான் வந்துச்சு. அந்த நாலும் முடிஞ்ச பிறகு தான் ரெண்டாவது தடவை கேட்டேன், "அவனுக்கு எக்ஸாம் லீவு வர்றப்ப பனியன் கம்பெனிய நான் பாத்துக்கறேன் சார், அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் அவன்கூட போய்ட்டு வரட்டுங்களா"ன்னு. அவனுக்கும் லீவுல ஃபோன் வராம இருந்தா நல்லதுன்னு அவனே சார்கிட்ட எனக்காகப் பேசினான், அத நான் எதிர்பாக்கவே இல்ல.

2023ல அந்த ஆடிட் முழுசா எனக்கு வந்துச்சு. பேங்க் பிராஞ்ச் ஆடிட் அந்த ஏப்ரல்லயும் அவனுக்குத் தான் போச்சு, அதுக்கு நான் கேட்ட ரெண்டு தடவையும் "பாக்கலாம்"னு மட்டும் தான் பதில்.