தோலா, மையா? நெருங்கி வருபவரிடம் ஆக்டோபஸ் காட்டும் இரண்டு வித்தைகள்

ராஜர் ஹேன்லன் என்ற கடல் உயிரியலாளர் கரீபியன் கடலில் எடுத்த ஒரு காணொளி இணையத்தில் வெகு பிரபலம். பாசி மண்டிய ஒரு பாறையை நோக்கிக் கேமரா மெல்ல நகர்கிறது. வேறு எதுவும் இல்லை. கை எட்டும் தூரத்துக்கு வந்ததும் பாசியில் ஒரு பகுதி திடீரென வெளுக்கிறது. அதில் ஒரு கண் தெரிகிறது, பிறகு உடம்பு முழுவதும் தெரிகிறது. அடுத்த நொடி ஆக்டோபஸ் கறுப்பு மையைப் பீச்சிவிட்டுப் பாய்ந்து போய்விடுகிறது. பாசியாக இருந்தது வெள்ளை ஆக்டோபஸாக மாற இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

இதைப் பார்ப்பவர்கள் நிறம் மாறுவதையும் மை பீச்சுவதையும் ஒரே தந்திரத்தின் இரண்டு பாதிகளாக எடுத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முதலாவது 'நான் இங்கே இல்லை' என்று சொல்வது. இரண்டாவது 'நீ பார்த்துவிட்டாய், ஆனால் நான் வேறெங்கோ இருக்கிறேன்' என்று சொல்வது. ஒன்று தோற்ற இடத்தில்தான் மற்றது தொடங்குகிறது. ஆகவே இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலில் தோல். நம் ஊர் மீனவர்கள் ஆக்டோபஸுக்குப் பேய்க்கணவாய் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. அதன் தோலில் ஆயிரக்கணக்கான நுண்ணிய நிறப்பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மஞ்சள், செம்மை, பழுப்பு என ஏதோ ஒரு நிறமி நிரம்பிய, ரப்பர்போல விரியும் பை. அதைச் சுற்றி ஆரக்கால்கள்போலத் தசைகள். தசை இழுத்தால் பை விரிந்து நிறம் தெரியும். தளர்ந்தால் பை சுருங்கிப் புள்ளியாகிவிடும். இந்தத் தசைகளுக்கு மூளையிலிருந்தே நேரடியாக நரம்பு வருகிறது. பச்சோந்தியின் நிறமாற்றத்தைவிட இது பல மடங்கு வேகமாக நடப்பதற்குக் காரணம் அதுதான். நிறப்பைகளுக்கு அடியில், வரும் ஒளியை அப்படியே திருப்பி அனுப்பும் செல்களின் படுகை ஒன்றும் உண்டு. மேலே உள்ள பைகள் எல்லாம் சுருங்கினால் அந்த வெண்மை வெளியே தெரியும். காணொளியில் ஆக்டோபஸ் 'வெளுத்தது' என்றோமே, அது புதிதாக வெள்ளை பூசிக்கொள்ளவில்லை, பூசியிருந்ததை விலக்கிக்கொண்டது.

தோலின் கரடுமுரடு தனிக் கதை. தோலில் இருக்கும் புடைப்புகளுக்குள் எலும்பு கிடையாது, வெறும் தசைதான். வட்டமாக ஓடும் தசை இறுக்கிப் பிழிந்தால் தோல் மேலே எழுந்து முள்போல, இலைபோல நிற்கும். விட்டால் தட்டையாகி வழவழப்பாகும். ஆக்டோபஸின் நெருங்கிய உறவான ஓட்டுக்கணவாயில் ஓர் ஆச்சரியத்தைக் கண்டிருக்கிறார்கள்: நரம்புத் தொடர்பைத் துண்டித்த பிறகும் எழுந்த புடைப்பு ஏறத்தாழ ஒரு மணி நேரம் அப்படியே நிற்கிறது. ஒரு முறை எழுப்பினால் போதும், பிடித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை.

இத்தனைக்கும் ஆக்டோபஸின் கண்ணில் ஒரே வகை ஒளி நிறமிதான். அதாவது, வண்ணங்களைப் பிரித்தறியும் வசதி நமக்கு இருப்பதுபோல அதற்கு இல்லை. பின்னணியின் ஒவ்வொரு நிறத்தையும் அது நகலெடுப்பதில்லை. வெளிச்சத்தின் அளவு, திட்டுகளின் பருமன், பக்கத்திலிருக்கும் ஏதோ ஒரு பொருளின் பொதுத் தோற்றம் ஆகியவற்றைப் பிடித்துக்கொள்கிறது. மீதியை, சுற்றுப்புற ஒளியைத் திருப்பியனுப்பும் அந்த வெள்ளைப் படுகை பார்த்துக்கொள்கிறது.

இந்தோ-பசிபிக் பவளத்திட்டுகளில் வாழும் பகல் ஆக்டோபஸைப் பின்தொடர்ந்து ஹேன்லன் குழு 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஆக்டோபஸ் சியானியா என்பது அதன் அறிவியல் பெயர். நம் லட்சத்தீவுத் திட்டுகளிலும் அது உண்டு. இரை தேடித் திரியும்போது அது நிமிடத்துக்குச் சுமார் மூன்று முறை தோற்றத்தை மாற்றிக்கொண்டிருந்தது. யாரும் துரத்தாதபோதே இப்படி! திறந்த மணல்வெளியைக் கடக்க வேண்டியிருந்தால் கைகளைச் சுருட்டிப் பாறைபோல உருண்டு, மிக மெல்ல நகரும். மேலே அலை அசைவதால் மணலில் ஒளிக்கோடுகள் நெளியும் அல்லவா, அந்த நெளிவோடு நெளிவாக அதன் அசைவும் கரைந்துவிடும்.

அப்படியானால் தோல் செலவில்லாத ஆயுதமா? பலரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அமெரிக்காவின் வல்லா வல்லா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோஃபி சோனரும் கர்ட் ஓன்தாங்கும் 2024இல் இதை அளந்து காட்டினார்கள். சிவப்பு ஆக்டோபஸின் தோல் துண்டுகளை எடுத்து, நீல ஒளியைப் பாய்ச்சி நிறப்பைகளை விரியவைத்து, அப்போது எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று பார்த்தார்கள். எல்லா நிறப்பைகளையும் முழுவதுமாக விரித்துவைத்தால், ஓய்வாக இருக்கும்போது உடம்பின் மற்ற எல்லா வேலைகளுக்கும் ஆகும் ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய சமமான அளவு தோலுக்கு மட்டுமே ஆகும் என்று கணக்கு வந்தது. ஆக்டோபஸ்கள் பொழுதின் பெரும்பகுதியைப் பொந்துக்குள் கழிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். பொந்துக்குள் வேடம் தேவையில்லையே.

சரி, மைக்கு வருவோம். குடலோடு ஒட்டியிருக்கும் மைப்பையில் மெலனின் இருக்கிறது, நம் தலைமுடியைக் கறுப்பாக்கும் அதே வகை நிறமி. மை வெளியேறும் வழியில், நீர்க்குழலில் உள்ள ஒரு சுரப்பி சளியைச் சேர்க்கிறது. எவ்வளவு சளி சேர்கிறது என்பதில்தான் வித்தை இருக்கிறது. சளி குறைவாக இருந்தால் மை பரந்து புகைத்திரையாகும். அதிகமாக இருந்தால் மை கலையாமல், ஏறத்தாழ ஆக்டோபஸின் அளவிலேயே ஒரு கட்டியாக நீரில் மிதக்கும். இதைப் பொய்யுரு என்று சொல்லலாம். மையை விட்டுவிட்டு ஆக்டோபஸ் வெளுத்துப்போய் வேறு திசையில் பாயும். துரத்தி வந்த விலங்கு கறுப்பாக எதையோ தேடிவந்தது. கறுப்பாக ஒன்று எதிரே நிற்கிறது. அதைக் கடிக்கிறது. இந்த இடத்தில் தோலும் மையும் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பொய்யுரு உண்மையிலேயே ஏமாற்றுகிறதா? ராய் கால்ட்வெல் என்ற உயிரியலாளர் 2005இல் பதிவுசெய்த ஒரு நிகழ்வு இதற்கு நல்ல சான்று. ஆக்டோபஸ் பாக்கி என்ற குட்டி இனத்தையும் பேராமைக் குஞ்சுகளையும் ஒரே நீரில் பார்க்க அவருக்கு வாய்த்தது. ஆமைக் குஞ்சு பாய்ந்தது, ஆக்டோபஸ் பொய்யுருக்களை விட்டது, குஞ்சு அந்த மைக்கட்டியைக் கவ்வியது. வாயில் கிடைத்தது ஆக்டோபஸ் அல்ல. இப்படி ஏமாந்த குஞ்சுகள் பிறகு நிஜ ஆக்டோபஸையும் தொடாமல் விட்டன. மை ஒரு தடவை தப்பிக்க மட்டும் உதவவில்லை, எதிரிக்குப் பாடமும் எடுத்தது. தோலால் இது முடியாது. பார்க்கவே படாத ஒன்றிடமிருந்து எதிரி எதைக் கற்றுக்கொள்ளும்?

இன்னொரு வேறுபாடு மோப்பம். தோல் முழுக்க முழுக்கக் கண்ணுக்கான ஆயுதம். அஞ்சாலை மீன் பாறை இடுக்குகளில் மூக்கால் தேடுகிறது. அதன் முன்னால் ஆக்டோபஸ் எவ்வளவு அழகாகப் பாசிபோல நடித்தாலும் பயனில்லை. கடல் உயிரியலாளர்களான மெக்ஜினிட்டி தம்பதியர் கலிபோர்னிய ஆக்டோபஸையும் அஞ்சாலையையும் தொட்டியில் வைத்துப் பார்த்தார்கள். மை விட்ட பிறகு அஞ்சாலை ஆக்டோபஸின்மேல் மூக்கு படும் அளவுக்கு வந்தும் தாக்கவில்லை, மோப்பம் மந்தப்பட்டதுபோல நடந்துகொண்டது என்று எழுதினார்கள். பழைய கவனிப்பு, இதை வைத்து எல்லா மீனுக்கும் பொதுவிதி எழுத மாட்டேன். ஆனால் மையில் கறுப்பு மட்டுமல்ல, வேதிப்பொருள்களும் உண்டு என்பதில் ஐயமில்லை. கணவாய் மையில் டோபமைன்கூட இருப்பதாகத் தெரியவந்திருக்கிறது.

அதற்காக மை முதன்மையாக மூக்குக்கான ஆயுதம் என்று முடிவுகட்டவும் முடியாது. ஆழ்கடலில் வாழும் துடுப்புள்ள ஆக்டோபஸ்களுக்கு மைப்பையே கிடையாது. இருட்டில் கறுப்பு மையால் என்ன லாபம்? மோப்பத்தைக் குழப்புவதுதான் முக்கிய வேலையாக இருந்திருந்தால், அங்கேயும் பை நிலைத்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மையின் விலை வேறு மாதிரி. பையில் இருப்பு குறைவு; சில முறை விட்டால் தீர்ந்து, மறுபடி ஊற வேண்டும். தோலை நாள் முழுக்க மாற்றலாம், மையை அப்படி விட முடியாது. மேலும் மை என்றால் கூடவே ஓட்டமும் உண்டு. நீரைப் பீச்சி நீந்தும்போது உடம்புக்குள் அழுத்தம் ஏறி, உடம்புக்கு ரத்தம் அனுப்பும் நடு இதயமே நின்றுவிடுகிறது. அதனால்தான் ஆக்டோபஸ் சீக்கிரம் களைத்து, கொஞ்ச தூரத்திலேயே தரையில் இறங்கி, மறுபடி பாறையாகிவிடுகிறது. அப்புறம், மை அதற்கே கெடுதலாகவும் முடியும்: திறந்த கடலில் மை கரைந்து போய்விடும், ஆனால் மூடிய சிறு தொட்டியில் செவுளில் படிந்து அதன் உயிருக்கே உலை வைக்கும். ஆக்டோபஸ் வளர்ப்பவர்கள் மை கண்டதும் அவசரமாக நீரை மாற்றுவது இதனால்தான்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஒளிவது பலிக்கவில்லை, ஓடவும் மனமில்லை என்றால் ஆக்டோபஸ் உடம்பை வெளுத்து, கண்ணைச் சுற்றிக் கருவளையம் போட்டு, கைகளுக்கு நடுவே உள்ள சவ்வைக் குடைபோல விரித்து, இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். அதே தோல்தான், ஆனால் நோக்கம் தலைகீழ்: மறைவதற்கு இருந்தது இப்போது மிரட்டுவதற்கு. எதிரி ஒரு கணம் தயங்கினால் போதும்.

எனவே எது மேல் என்று கேட்டால், கண்ணால் தேடும் களவா, சீலா போன்ற மீன்கள் இன்னும் பார்க்காத நிலையில் தோல்தான். பார்த்துப் பாய்ந்துவிட்டால் மை. மூக்கால் வரும் அஞ்சாலைக்கு முன்னால் தோலுக்கு வேலையே இல்லை. ஒரு நாளின் கணக்கில் பார்த்தால் ஆக்டோபஸை உயிரோடு வைத்திருப்பது தோல்தான் என்பது என் கட்சி. மை அதன் கடைசி நோட்டு, சில்லறை எல்லாம் தீர்ந்த பிறகு எடுப்பது.

முக்குளிப்பவர்கள் இந்த வரிசையை நேரிலேயே படிக்கலாம். புடைப்புகள் எழுந்து, உடம்பு அசையாமல், பாறை நிறத்தில் இருந்தால் அது இன்னும் உங்களைப் பொருட்படுத்தாமல் சமாளிக்க முடியும் என்று நம்புகிறது. தோல் வழவழப்பாகி, வெளுத்து, கண்ணோரம் கறுத்தால் நீங்கள் வேண்டிய அளவுக்கு மேலேயே நெருங்கிவிட்டீர்கள். அங்கேயே நின்று மெல்லப் பின்வாங்கினால் சில நிமிடங்களில் மறுபடி புடைப்புகள் எழும், பழுப்பு திரும்பும். இன்னும் ஒரு கை தூரம் முன்னே போனால் உங்கள் கேமராவில் மிஞ்சுவது ஒரு கறுப்புத் திட்டு மட்டும்தான்.